சுருதி சரி, வரிசை தப்பு

சென்ற ஆண்டு பல்கலைக்கழக மாணவர்களுக்கான ஓர் இசைப் போட்டியில் நான் தியாகராஜரின் ‘மனவ்யாலகிஞ்சர’ கீர்த்தனையைப் பாடினேன். ராகம் நளினகாந்தி. பாட்டு நன்றாகவே போனது. முடிவில் மூன்று சுற்று கற்பனை ஸ்வரம் பாட வேண்டும். அந்த நேரத்தில் மனத்தில் தோன்றும் ஸ்வரங்களைத் தாளத்துக்குள் கோத்துப் பாடி, பல்லவி தொடங்கும் இடத்தில் பிசகாமல் கொண்டுவந்து சேர்ப்பதுதான் கற்பனை ஸ்வரம். சுருதி விலகவில்லை. தாளம் தப்பவில்லை. கைத்தட்டலும் கிடைத்தது.

நடுவர்களில் வயதில் மூத்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “தங்கச்சி, பாட்டு நளினகாந்திதான். ஸ்வரம் பாடினீங்களே, அது எந்த ராகம்?” என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விடுதிக்குத் திரும்பியதும் தோழி கைப்பேசியில் பதிவு செய்திருந்ததைப் போட்டுக் கேட்டேன். அப்போதும் தவறு பிடிபடவில்லை. சுருதி பார்க்கும் செயலி ஒன்றைத் திறந்து வைத்து ஓடவிட்டேன். பாடிய ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் பச்சை விளக்குதான் எரிந்தது. நடுவர்மீது எனக்குக் கோபமே வந்துவிட்டது.

தவறு ஸ்வரத்தில் இல்லை, வரிசையில் இருந்தது. செயலி ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரத்தை மட்டும் பார்க்கிறது. அதற்கு முன்னால் என்ன வந்தது, அடுத்து என்ன வந்தது என்பது அதற்குத் தேவையில்லை. நளினகாந்தி போன்ற வக்ர ராகத்துக்கோ அது மட்டும்தான் தேவை.

வக்ரம் என்றால் வளைவு. பெரும்பாலான ராகங்களில் ஸ்வரங்கள் படிக்கட்டுபோல ஒழுங்காக ஏறி இறங்கும். வக்ர ராகத்தில் ஏறும்போதோ இறங்கும்போதோ ஓரிடத்தில் ஒரு படி பின்னால் வந்து, பிறகு மேலே தாவ வேண்டும். இசை படிக்காதவர்களும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். கீபோர்டில் ‘சி’ என்னும் வெள்ளைக் கட்டையை ‘ச’ என்று வைத்துக்கொள்ளுங்கள். நளினகாந்திக்குக் கறுப்புக் கட்டையே வேண்டாம். வெள்ளைக் கட்டைகளில் ‘ஏ’யை மட்டும் விட்டுவிட வேண்டும், ஏனென்றால் இந்த ராகத்தில் ‘த’ இல்லை. இப்போது ‘சி’க்கு அடுத்து ‘டி’யைத் தொடாமல் நேரே ‘ஈ’க்குப் போங்கள். அங்கிருந்து ‘டி’க்குத் திரும்பி வாருங்கள். பிறகு ‘எஃப்’, ‘ஜி’, ‘பி’, மேல் ‘சி’. இதுதான் ஆரோகணம்: ச க ரி ம ப நி ச. இறங்கும்போது வளைவு கிடையாது: ச நி ப ம க ரி ச. 1993இல் வந்த ‘கலைஞன்’ படத்தில் இளையராஜா இசையமைத்த ‘எந்தன் நெஞ்சில் நீங்காத’ பாடலைக் கேட்டவர்கள் காதில் இந்த வளைவு ஏற்கெனவே இருக்கிறது, பெயர்தான் தெரிந்திருக்காது.

இதே கட்டைகளை வளைக்காமல் ச ரி க ம ப என்று நேராக வாசித்துப் பாருங்கள். நளினகாந்தி போய்விடும், சங்கராபரணத்தின் முகம் எட்டிப் பார்க்கும். ஒரு கட்டைகூட மாறவில்லை.

என் பதிவுக்கு வருகிறேன். நான் புள்ளியியல் படிக்கிறேன், அதனால் எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மூன்று சுற்று ஸ்வரத்தையும் மெதுவாக ஓடவிட்டு ரூமி எழுத்தில் வரிசையாக எழுதினேன். (ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் படித்தவள்தான், ஆனாலும் அவசரத்துக்கு எனக்கு ரூமிதான் வரும். டீச்சர் இதைப் படிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.) எழுதி முடித்ததும் தவறு கண்ணில் அறைந்தது. ‘ப ம க ரி ம ப நி ச’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘ப ம க ரி க ம ப நி’ என்று பாடியிருக்கிறேன். இறங்கி வந்து ‘ரி’யில் திரும்பியவள் ‘ம’வுக்குத் தாவாமல் ‘க’வில் கால் வைத்து ஏறியிருக்கிறேன். இப்படி ஆறு இடங்கள். ஆறும் மேல்காலத்தில், ஆறும் சுற்று முடிந்து பல்லவிக்குத் திரும்பும் தறுவாயில்.

அந்த இடம்தான் என்னை யோசிக்க வைத்தது. கீழ்காலத்தில் ஒரு தவறுகூட இல்லையே! எனக்கு ராகம் தெரியாது என்றால் அங்கும் தப்பியிருக்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொமுட்டர் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போய், தாளை டீச்சரிடம் நீட்டினேன். அவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “முடிக்கிற நேரத்துல உன் மனசு தாளத்தை எண்ணப் போயிடுச்சும்மா. நாக்கு தனியா நின்னுச்சு. தனியா விட்டா அது எங்க போகும்? முதல்ல கத்துக்கிட்ட இடத்துக்குத்தான்.”

முதலில் கற்ற இடம் சரளி வரிசை. ஏழு வயதில் மாயாமாளவகௌளையில் ச ரி க ம ப த நி ச என்று தொடங்கி, ஆண்டுக்கணக்கில் அதே படிக்கட்டில் ஏறி இறங்கியிருக்கிறோம். ‘ரி’க்கு அடுத்து ‘க’, ‘க’வுக்கு அடுத்து ‘ம’ என்று நாக்குக்கு ஊறிப்போய்விட்டது. மேல்காலத்தில் ஓர் எண்ணிக்கைக்கு நான்கு ஸ்வரம், ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்துக்கு 32. அந்த ஓட்டத்தில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் யோசித்துப் பாட யாராலும் முடியாது. பழக்கம்தான் பாடுகிறது. வக்ர ராகத்துக்கென்று இன்னொரு பழக்கத்தை உருவாக்கி வைக்காவிட்டால் பழையதுதான் வந்து நிற்கும்.

நம் வகுப்புகளில் அந்த இரண்டாவது பழக்கத்துக்கு நேரம் கொடுப்பதில்லை என்பது என் குறை. ஸ்வரங்களைத் தாண்டித் தாண்டிப் பாடும் தாட்டு வரிசை என்று ஒரு பயிற்சி இருக்கிறது. ஏறுமுகத்தில் திரும்பவும் தாவவும் தொண்டையைப் பழக்குவது அதுதான். நானும் என்னோடு படித்தவர்களும் அதை இரண்டு வாரத்தில் முடித்துவிட்டு அலங்காரத்துக்கு ஓடினோம். கீதம் எப்போது, மேடை எப்போது என்று அவசரம். பெற்றோருக்கும் அவசரம், எங்களுக்கும் அவசரம். பிறகு ஒரு வக்ர ராகம் வரும்போது ஆரோகணத்தையும் அவரோகணத்தையும் மனப்பாடம் செய்கிறோம். தேர்விலும் போட்டியிலும் கேட்பதும் அதைத்தான்: ‘ஆரோகணம் பாடு, அவரோகணம் பாடு.’ ‘ச’வில் தொடங்கி மேல் ‘ச’வில் முடித்தால் மதிப்பெண். எனக்கும் அதில் முழு மதிப்பெண்தான். ஆனால் கற்பனை ஸ்வரத்தில் யாரும் ‘ச’விலிருந்து மேல் ‘ச’ வரை போய் வருவதில்லை. நடுவில் தொடங்குகிறோம், நடுவில் திரும்புகிறோம். திரும்பும் இடத்தில்தான் ராகம் தப்புகிறது, அந்த இடத்தை யாரும் சோதிப்பதில்லை.

டீச்சர் எனக்குக் கொடுத்த வைத்தியத்தைச் சொல்கிறேன். “ஆரோகணத்தை மறந்துடு. ‘க’வை மட்டும் பாரு. ஏறும்போது ‘க’வுக்கு அப்புறம் என்ன?” என்று கேட்டார். ‘ரி’ என்றேன். “இறங்கும்போது?” அப்போதும் ‘ரி’தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏழெட்டு மாதம் பாடிய ராகத்தில் இதை நான் கவனித்ததே இல்லை. நளினகாந்தியில் ஏறினாலும் இறங்கினாலும் ‘க’வை அடுத்து வருவது ‘ரி’ ஒன்றுதான். அப்படியென்றால் ‘க’வில் நின்றுகொண்டு ‘அடுத்து எங்கே’ என்று குழம்பத் தேவையில்லை. முடிவெடுக்கும் இடம் ‘ரி’. அங்கிருந்து ‘ம’வுக்குத் தாவினால் ஏற்றம், ‘ச’வுக்கு வந்தால் இறக்கம். வளைவு தொடங்கும் ‘க’வை வக்ர ஸ்வரம் என்றும், வளைவு முடிந்து பாதை மறுபடி மேலே திரும்பும் ‘ரி’யை வக்ராந்திய ஸ்வரம் என்றும் பாடநூல்கள் சொல்கின்றன. தேர்வுக்காக இரண்டையும் மனப்பாடம் செய்திருந்தேன். எதற்காக இரண்டு பெயர் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

‘க’வுக்கு வரும் வழியும் இரண்டுதான். கீழே ‘ச’விலிருந்து வரலாம், மேலே ‘ம’விலிருந்து வரலாம். வருவதற்கு இரண்டு, போவதற்கு இரண்டு. பெருக்கினால் நான்கு துண்டுகள்: ச க ரி ச, ச க ரி ம, ம க ரி ச, ம க ரி ம. ஒவ்வொன்றிலும் நான்கு ஸ்வரம், அதாவது மேல்காலத்தில் சரியாக ஓர் எண்ணிக்கை. இந்த நான்கும் நாக்கில் படிந்துவிட்டால் வளைவைப் பற்றிக் கவலைப்பட வேறெதுவும் மிச்சமில்லை. அதற்கு மேலே இருக்கும் ‘ம ப நி ச’ வளைவில்லாத சாலை.

முதல் இரண்டு வாரம் டீச்சர் ஸ்வரப் பெயரைச் சொல்லவே விடவில்லை. நான்கு துண்டையும் ‘ஆ’ என்று அகாரத்தில் மட்டும் பாட வேண்டும். காரணம் கேட்டேன். ‘ரி ம’ என்று வாயால் சொல்லிக்கொண்டே குரலில் ‘க ம’ பாடிவிட முடியும், பெயர் சரியாக இருப்பதால் நம் காது ஏமாந்துவிடும் என்றார். அதைப் பொய் என்று காட்டுவதற்காகவே மறுநாள் பதிவு செய்து கேட்டேன். உண்மைதான். வேகத்தில் இரண்டு இடத்தில் பெயர் ‘ரி’, குரல் ‘க’. அகாரத்தில் ஒளிந்துகொள்ளப் பெயர் இல்லை, குரலுக்கே வழி தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த கட்டம் வேகம். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 எண்ணிக்கையில் வைத்துத் தொடங்கி, நாலு நாலாகக் கூட்டினேன். 60இல் பிசகவில்லை, 72இலும் பிசகவில்லை. 80ஐத் தாண்டியதும் ‘ம க ரி ம’ உடைந்து ‘ம க ரி க’ ஆனது. மற்ற மூன்றும் உடையவில்லை. மெதுவாக நூறு முறை பாடியிருந்தால் இந்தத் துண்டுதான் நோயாளி என்று எனக்குத் தெரிந்தே இருக்காது. மெதுவாகப் பாடினால் சரியாக வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். எந்த வேகத்தில் எந்தத் துண்டு உடைகிறது என்று கண்டுபிடித்து, அதற்குச் சற்றுக் கீழே நின்று அதை மட்டும் பழக வேண்டியிருந்தது.

கடைசியாக, தாளம். மனம் எண்ணப் போகும் நேரத்தில்தானே தப்பியது? அதனால் பல்லவிக்குத் திரும்புவதற்கு முந்தைய இரண்டு எண்ணிக்கையை முன்கூட்டியே முடிவு செய்யச் சொன்னார். எட்டே ஸ்வரம். கற்பனை என்ற பெயருக்கு இது துரோகம் இல்லையா என்று எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. “முன்னாடி இருக்கிற முப்பது ஸ்வரத்தையும் கற்பனை பண்ணு, யாரு வேணாம்னா? வீட்டுக்கு வர்ற வழி மட்டும் தெரிஞ்சிருக்கட்டும்” என்றார் டீச்சர்.

இந்த இடத்தில் என் தோழி ஒருத்தி கேட்ட கேள்வியையும் சொல்லிவிடுகிறேன். “ஒரே ஒரு ஸ்வரம், அதுவும் ஓடுற ஓட்டத்துல. கேட்கிறவங்க நூறு பேர்ல யாருக்குத் தெரியப்போகுது?” அவள் சொல்வது ஓரளவு நியாயம். அன்று கைத்தட்டியவர்களுக்குத் தெரியவில்லைதான். ஆனால் மேடையேறி ‘நளினகாந்தி ராகம்’ என்று அறிவித்தது நான். மெல்லிசைப் பாட்டில் ஓர் இசையமைப்பாளர் ராகத்தைத் தொட்டுவிட்டு நகர்ந்து போகலாம், அவர் எந்த ராகத்தின் பெயரையும் சொல்லி நம்மிடம் உறுதி கொடுக்கவில்லை. நான் கொடுத்தேன். அதுவுமில்லாமல், நளினகாந்தியில் அந்த ஒரு வளைவை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? வேறு ராகத்தில் ஓர் இடம் மங்கினால் மற்ற இடங்கள் காப்பாற்றும். இங்கே ராகம் குடியிருப்பதே அந்த மூன்று ஸ்வரத்தில்.

ஆனால் எல்லா வக்ர ராகத்தையும் இப்படிப் பெருக்கல் வாய்ப்பாட்டில் அடக்கிவிடலாம் என்று நான் நினைத்ததை ரீதிகௌளை உடைத்தது. ‘கண்கள் இரண்டால்’, ‘அழகான ராட்சசியே’, 1977இல் பாலமுரளிகிருஷ்ணா பாடிய ‘சின்னக் கண்ணன் அழைக்கிறான்’ ஆகிய பாடல்களின் ராகம் அது. இன்று பெரும்பாலும் பாடப்படும் வடிவில் அதன் ஆரோகணம் ச க ரி க ம நி த ம நி நி ச. அவரோகணம் ச நி த ம க ம ப ம க ரி ச. நான் வழக்கம்போல் தாளை எடுத்து ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் முன்னும் பின்னும் என்ன என்று எழுதினேன். அழகாகவே வந்தது. ‘த’வுக்கு முன் ‘நி’, பின் ‘ம’. ‘ப’வுக்கு முன்னும் ‘ம’, பின்னும் ‘ம’. மேலிருந்து ‘நி த’ என்று இறங்கும்போது பழக்கத்தில் ‘ப’வில் விழாமல் ‘ம’வுக்குத் தாண்ட வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்தது. ‘ப’ இங்கே குடியிருப்பவர் அல்ல, வந்து தலைகாட்டிவிட்டுப் போகும் விருந்தாளி.

பெருமையோடு காட்டினேன். டீச்சர் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் ஆனந்தபைரவியின் ஆரோகணத்தை எழுதினார்: ச க ரி க ம ப த ப ச. முதல் ஐந்து ஸ்வரமும் அதேதான்! ‘ம’வுக்குப் பிறகுதான் ஒன்று ‘நி’க்கும் மற்றது ‘ப’வுக்கும் பிரிகின்றன. “இந்த அஞ்சையும் பாடறேன், எந்த ராகம்னு சொல்லு” என்று இரண்டு விதமாகப் பாடினார். இரண்டு முறையும் ‘ம’ வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. தாளில் ஒரே எழுத்து, குரலில் வேறு வேறு ஆள். ‘க’வை எவ்வளவு நேரம் பிடிப்பது, அசைப்பதா, இழைத்து இறக்குவதா, ‘ரி’யைத் தொட்டுவிட்டு வருவதா நின்று வருவதா என்பதெல்லாம் அட்டவணையில் ஏறாது. அது பாட்டிலிருந்துதான் வரும். ஆனந்தபைரவியைச் சியாமா சாஸ்திரியின் கீர்த்தனைகளில் கேட்டிருக்கிறேன். ரீதிகௌளையை அவருடைய மகன் சுப்பராய சாஸ்திரியின் ‘ஜனனி நின்னுவினா’வில் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஒரே வீட்டில் அப்பாவுக்குப் பிடித்த ராகம் ஒன்று, அதன் சாயல் கொண்ட இன்னொரு ராகத்தில் பிள்ளையின் பெயர்பெற்ற பாட்டு. அந்த வீட்டில் இரண்டையும் யாரும் குழப்பிக்கொண்டிருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

பழைய கீர்த்தனைகளில் ஆரோகண அவரோகணத்துக்குள் அடங்காத பிடிகளும் உண்டு. அவற்றைத் தவறு என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. பாட்டு என்ன சொல்கிறதோ அதுதான் ராகம், ஆரோகணம் அதன் சுருக்கம். அதனால் ரீதிகௌளையில் இப்போது நான் துண்டுகளை நானாகக் கட்டுவதில்லை. கற்ற பாட்டிலிருந்து ‘க ம நி நி ச’, ‘ச நி த ம’, ‘க ம ப ம க ரி ச’ என்று பிடிகளை அப்படியே எடுத்துப் பழகுகிறேன். அட்டவணையைத் தூக்கி எறியவும் இல்லை. பாடி முடித்த பிறகு பதிவைக் கேட்டுத் தவறைத் தேடுவதற்கு அதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை. பாடும்போது பாட்டு, பிழை திருத்தும்போது அட்டவணை.

போட்டி நடத்துபவர்களிடமும் இசைத் தேர்வு வைப்பவர்களிடமும் எனக்கு ஒரே ஒரு கோரிக்கை உண்டு. வக்ர ராகம் பாட வரும் மாணவரிடம் ஆரோகணம் கேட்காதீர்கள். ‘ப’விலிருந்து இறங்கி வந்து மறுபடியும் மேலே போ என்று சொல்லுங்கள். நளினகாந்தி என்றால் அவர் ‘ரி’யில் என்ன செய்கிறார் என்று பாருங்கள். ரீதிகௌளை என்றால் ‘நி த’வுக்குப் பிறகு கால் எங்கே படுகிறது என்று பாருங்கள். பத்து விநாடி போதும். அப்படி ஒரு கேள்வி வரும் என்று தெரிந்தால் நாங்கள் வீட்டில் பழகும் விதமே மாறிவிடும். மாணவர்கள் தேர்வுக்குத்தான் படிப்போம், அதை மறைப்பதற்கில்லை.

இந்த ஆண்டுப் போட்டிக்கான படிவம் போன வாரம் வந்தது. ‘ராகம், ஆரோகணம், அவரோகணம்’ என்று அதே மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் ரீதிகௌளை என்று எழுதி அனுப்பிவிட்டேன். டீச்சரிடம் இன்னும் சொல்லவில்லை. மெட்ரோனோம் இப்போது 68இல் நிற்கிறது.